‘தனியே பேசுவேன்’ என்ற விடை எப்போது சரி, எப்போது தவறு?

கேள்வி: மேற்பார்வையாளர் பதவிக்கான தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். அதில் சூழ்நிலைக் கேள்விகள் என்று ஒரு பகுதி உண்டு. பயிற்சித் தாளில் ஒரு கேள்வி: “சக ஊழியர் ஒருவர் உங்களுக்குத் தரவேண்டிய விற்பனைக் கணக்கை மூன்று வாரமாகத் தாமதமாகத் தருகிறார். உங்கள் வாராந்திர அறிக்கையும் தாமதமாகிறது. கூட்டத்தில் மேலாளர் உங்களைக் கடிந்துகொள்ளும்போது அவர் பேசாமல் இருக்கிறார். என்ன செய்வது சிறந்தது, எது மோசமானது?” மேலாளரிடம் தெரிவிப்பது, அவரிடம் தனியே பேசுவது, கணக்கை நானே திரட்டிக்கொள்வது, அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்வது என நான்கு விடைகள். மேலாளரிடம் தெரிவிப்பதைத் தேர்ந்தேன். தனியே பேசுவதே சரி என்றது விடைக்குறிப்பு. சில பக்கம் தள்ளி இன்னொன்று: ஆய்வு செய்யாத இயந்திரத்துக்கு ‘ஆய்வு முடிந்தது’ என்று பதிவேட்டில் கையொப்பமிடும்படி மேலாளர் சொல்கிறார். இம்முறை, ‘அவரிடம் தனியே பேசி என் தயக்கத்தைச் சொல்வேன், அவர் வற்புறுத்தினால் கையொப்பமிட்டுவிட்டு மறுநாள் ஆய்வு செய்வேன்’ என்பதைத் தேர்ந்தேன். அதுவும் தவறாம். அப்படியானால் எதை வைத்துத்தான் முடிவு செய்வது? நேர்காணலில் இதையே வாய்மொழியாகக் கேட்டால் எப்படிச் சொல்வது? நான் வேலை பார்த்த இடத்தில் தனியே பேசி யாரும் திருந்தியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் இரண்டு விடைகளும் பிழைபட்டதற்குக் காரணம் ஒன்றே. முதல் கேள்வியிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்குப் போயிருக்கிறீர்கள். இவ்வகைக் கேள்விகள் உங்களுக்கு எந்த விதி தெரியும் என்பதைச் சோதிப்பவை அல்ல. கொடுக்கப்பட்ட காட்சியில் எந்த விவரத்தைக் கணக்கில் எடுத்தீர்கள், எதைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்பதைத்தான் சோதிக்கின்றன. வேலைத் தேர்வுகளுக்கு இத்தகைய கேள்விகளைத் தயாரிப்பதும் மதிப்பிடுவதும் என் தொழில் என்பதால், அவை உருவாகும் விதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இதன் வேர் 1954-இல் ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் விரிவாக எழுதி வெளியிட்ட ஒரு முறையில் இருக்கிறது. ஒரு வேலையை நன்றாகச் செய்பவருக்கும் மோசமாகச் செய்பவருக்கும் உள்ள வேறுபாடு எங்கே வெளிப்படுகிறது என்பதை அறிய, அந்த வேலையில் இருப்பவர்களிடம் உண்மையில் நடந்த சம்பவங்களைக் கேட்டுத் திரட்டுவதே அந்த முறை. திரட்டிய சம்பவங்களில் ஒன்றைச் சுருக்கிக் காட்சியாக்குவோம். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பல ஊழியர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதிலிருந்தே விடைகளை எடுப்போம். பிறகு அந்த வேலையில் அனுபவம் மிக்கவர்கள் பலர், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல், ஒவ்வொரு விடைக்கும் மதிப்புப் போடுவார்கள். அவர்களுக்குள் ஒத்துவராத கேள்வியைக் கைவிடுவோம் அல்லது திருத்தி எழுதுவோம். ஆகவே, கவனமாகச் செய்யப்பட்ட வினாத்தாளில் காட்சியின் ஒவ்வொரு சொல்லும் காரணத்தோடுதான் இருக்கும். சொல்லாமல் விட்டதற்கும் காரணம் இருக்கும்.

இந்தக் கண்ணோடு முதல் காட்சியைப் பாருங்கள். கணக்கு மூன்று வாரமாகத் தாமதமாகிறது என்பது தெரியும். ஏன் தாமதமாகிறது என்பது சொல்லப்படவில்லை. அவருக்கே வேறொரு பிரிவிலிருந்து எண்கள் தாமதமாக வரலாம். உங்கள் அறிக்கை எந்த நாள், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். மூன்று வாரத்துக்கு முன்பு அவர் தலையில் புதிய வேலை ஒன்று சுமத்தப்பட்டிருக்கலாம். அல்லது உண்மையிலேயே அவர் அலட்சியக்காரராக இருக்கலாம். இந்த நான்குக்கும் தீர்வு வெவ்வேறு. முதலாவதில் வேறொரு பிரிவோடு பேச வேண்டும். இரண்டாவதில் ஒரு நேரத்தைச் சொன்னாலே போதும். மூன்றாவதில் மேலாளர் வேலையைப் பங்கிட்டுத் தர வேண்டும். நான்காவதில்தான் அவரைப் பற்றிய கேள்வியே எழுகிறது.

கூட்டத்தில் அவர் பேசாமல் இருந்தார் என்ற வரி ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்தீர்களா? அது உங்கள் கோபத்தைக் கிளறுவதற்காகவே வைக்கப்பட்டது. அதைப் படித்ததும், ‘குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் பேசவில்லை’ என்று மனம் தானாகவே முடித்துக்கொள்கிறது. மேலாளர் கடிந்துகொள்ளும் நேரத்தில் வாய் திறக்க அஞ்சியிருக்கலாம், தன் கணக்கால்தான் உங்கள் அறிக்கை தாமதமாயிற்று என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்பவை நமக்குத் தோன்றுவதில்லை. பிறர் செய்கைக்கு அவர்களுடைய குணமே காரணம் என்று எடுத்துக்கொண்டு, அவர்களைச் சூழ்ந்திருக்கும் நிலைமையைக் குறைத்து எடைபோடும் இந்தப் பழக்கத்தை, மனிதர்கள் பொதுவாகச் செய்யும் அடிப்படைப் பிழை என்று லீ ராஸ் என்ற சமூக உளவியலாளர் 1977-இல் பெயரிட்டு விளக்கினார். கடினமான சக ஊழியர் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்தப் பிழையில் நீங்கள் விழுகிறீர்களா என்பதைத்தான் பார்க்கின்றன.

விடைகளைப் பார்ப்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: எனக்குத் தெரியாத அந்தக் காரணம் தெரிந்துவிட்டால், நான் செய்யப்போவது மாறுமா? மாறும் என்றால், காரணத்தைத் தெரிந்துகொள்ளும் விடையே முதலில் வர வேண்டும். மாறாது என்றால், அதைத் தேடிப் போவது காலத்தைக் கடத்துவதாகும். உடனே செய்ய வேண்டியதைச் செய்யும் விடைதான் சரி. உங்கள் இரண்டு கேள்விகளும் பிரிகிற இடம் இதுவே.

முதல் காட்சியில் பதில் மாறும். அதனால் தனியே பேசுவது முதலிடம் பெறுகிறது. அது பணிவான செயல் என்பதற்காகவோ, நல்லவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பதற்காகவோ அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ள அதுவே மிகக் குறைந்த சேதத்தோடு உதவும் வழி. பலிக்காவிட்டாலும் மற்ற வழிகள் எதுவும் அடைபடுவதில்லை. இன்று அவரிடம் பேசிவிட்டு நாளை மேலாளரிடம் போகலாம். இன்று மேலாளரிடம் போய்விட்டு நாளை அவரிடம் தனியே பேசினால், அந்தப் பேச்சு முன்பிருந்த பேச்சாக இருக்காது.

நீங்கள் தேர்ந்த விடை மோசமானதல்ல. என் கணிப்பில் அது இரண்டாமிடத்தில் இருந்திருக்கும். நெருங்கிய விடைக்குப் பகுதி மதிப்பெண் தரும் தேர்வில் உங்களுக்கு ஓரளவு கிடைத்தும் இருக்கும். அது ஏன் இரண்டாவது என்பதை, மேலாளரின் அறைக்குள் நீங்கள் போய் நிற்பதாக எண்ணிப் பார்த்தாலே விளங்கும். நீங்கள் சொல்லி முடித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “அவரிடம் கேட்டீர்களா?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. ஒரு மேற்பார்வையாளர் பதவிக்கு ஆள் எடுப்பவர், இரண்டு ஊழியர்களுக்கு இடையே முடியக்கூடிய ஒன்றை அவர்களுக்குள்ளேயே முடிக்க முயன்று பார்ப்பவரைத்தான் தேடுகிறார்.

எது மோசமானது என்ற பகுதியைப் பலர் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். நீங்களே கணக்கைத் திரட்டிக்கொள்வது, எல்லோர் முன்னும் சொல்வது ஆகிய இரண்டில் எது கடைசி? முதலாவதும் தவறுதான். அது வெளிப்பார்வைக்குப் பொறுமைபோலவும் பொறுப்புணர்வுபோலவும் தெரிந்தாலும், தாமதத்தின் காரணத்தை மூடி மறைக்கிறது, உங்கள் வேலையைக் கூட்டுகிறது, நான்காவது வாரமும் அதுவே நடக்க வழி செய்கிறது. ஆனால் அடுத்த வாரம் மனத்தை மாற்றிக்கொண்டு அவரிடம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. காரணம் தெரியாத நிலையில் பலர் முன்னிலையில் ஒருவரைக் குற்றம் சாட்டிவிட்டு, பிறகு உண்மைக் காரணம் வேறு என்று தெரியவந்தால், சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. எனவே கூட்டத்தில் சொல்வதே கடைசி. மோசமான விடையைத் தேடும்போது எது அதிகச் செயலற்றது என்று பார்க்காமல், எதைத் திருத்திக்கொள்ள முடியாது என்று பாருங்கள்.

தனியே பேசுவது என்றால் என்ன பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விடைகளில் ‘பேசுவேன்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல வகைப் பேச்சுகள் ஒளிந்திருக்கின்றன. ‘அவருடைய பொறுப்பின்மையை அவருக்கு உணர்த்துவேன்’ என்று ஒரு விடை இருந்தால், அது தனியே பேசுவதுதான், ஆனால் காரணம் கேட்காமலே தீர்ப்பு வழங்குகிறது. நல்ல விடைக்குள் இருக்கும் பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும்: “புதன் காலை பத்து மணிக்கு அறிக்கை போக வேண்டும். உங்கள் கணக்கு வந்த பிறகு அதைச் சேர்க்க எனக்கு மூன்று மணி நேரம் பிடிக்கிறது. கடந்த மூன்று வாரமும் அது புதன் காலையில்தான் வந்தது. செவ்வாய் மாலைக்குள் தருவதில் ஏதாவது சிக்கல் இருக்கிறதா?” இதில் நடந்தது இருக்கிறது, அதனால் விளைந்தது இருக்கிறது, கேள்வி இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மேலாளரிடம் போக நேர்ந்தாலும் இதே உள்ளடக்கம்தான் போக வேண்டும். ஆளைப் பற்றிய புகாராகப் போனால், உங்கள் இருவருக்கும் இடையே நடுவராக இருக்கும் வேலைதான் மேலாளருக்கு மிஞ்சும்.

இனி இரண்டாவது காட்சிக்கு வருவோம். அங்கேயும் மேலாளர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது தெரியாது. அவசரமாக முடிக்க வேண்டிய வேலை இருக்கலாம், ஆய்வு செய்பவர் விடுப்பில் இருக்கலாம், மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்திருக்கலாம். இவற்றில் எது உண்மையாக இருந்தாலும், ஆய்வு நடக்காத இயந்திரத்துக்கு ஆய்வு நடந்ததாக நீங்கள் எழுதுவது பொய்தான். காரணம் தெரிவதால் உங்கள் மறுப்பு மென்மையாகலாம், அவருக்கு மாற்று வழி ஒன்றைக் காட்ட முடியலாம். கையொப்பமிடுவதா என்ற கேள்விக்கான பதில் மட்டும் மாறாது. ‘வேறொருவர் ஏற்கெனவே ஆய்வு செய்துவிட்டார்’ என்று அவர் சொன்னால்கூட, ஆய்வு செய்தவர்தான் கையொப்பமிட வேண்டும், நீங்கள் அல்ல.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. முதல் காட்சியில் பாதிக்கப்படுபவர் நீங்கள். உங்கள் பெயர் கெடுகிறது, உங்கள் நேரம் வீணாகிறது. எவ்வளவு காலம் பொறுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். இரண்டாவதில் பாதிக்கப்படக்கூடியவர், அந்த அறைக்குள்ளேயே இல்லாத ஒருவர்: பதிவேட்டில் உள்ள கையொப்பத்தை நம்பி அந்த இயந்திரத்தில் கை வைக்கப்போகும் தொழிலாளி. உங்களுக்கும் மேலாளருக்கும் இடையிலான உறவைக் காப்பாற்ற அவருடைய விரல்களைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. காட்சியில் வாடிக்கையாளர், நோயாளி, பயணி, தொழிலாளி என்று பேச்சுக்கு வெளியே ஒருவர் இருந்தால், எந்த விடையையும் படிப்பதற்கு முன்பே அவரை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

நீங்கள் தேர்ந்த விடையை இப்போது மறுபடி படியுங்கள். ‘அவரிடம் தனியே பேசி என் தயக்கத்தைச் சொல்வேன்’ என்பது வரை நன்றாகத்தான் இருக்கிறது. அதன் பிற்பகுதிதான் அதைக் கெடுக்கிறது. ‘அவர் வற்புறுத்தினால் கையொப்பமிட்டுவிட்டு’ என்னும்போது, அதற்கு முன் நடந்த பேச்சுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. ‘மறுநாள் ஆய்வு செய்வேன்’ என்னும்போது, ஆய்வு இல்லாமல் அந்த இயந்திரம் ஒரு நாள் ஓடுவதை ஏற்றுக்கொள்கிறீர்கள். நல்ல தொடக்கமும் கெட்ட முடிவும் உள்ள விடைகளை நாங்கள் வேண்டுமென்றே எழுதுகிறோம். விடையின் முதல் வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடுபவர்களைப் பிரித்தறிவதற்கு அது உதவுகிறது. விடைக்கு மதிப்புப் போடும்போது அதன் கடைசிச் செயலைப் பாருங்கள். அந்தச் செயல் முடிந்தபின் பாதிக்கப்படக்கூடியவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்.

இதனால் மேலாளரிடம் பேசுவதே இங்கே தவறு என்று எண்ணிவிட வேண்டாம். சரியான செயலிலும் பேச்சு உண்டு. அது மறுப்போடு சேர்ந்து வருகிறது. “ஆய்வு செய்யாமல் கையொப்பமிட என்னால் முடியாது. இப்போதே ஆய்வைத் தொடங்கச் சொல்கிறேன்; முடியும் வரை இந்த இயந்திரத்தை நிறுத்தி வைத்துவிட்டு வேலையை வேறு இயந்திரத்துக்கு மாற்றலாம்” என்று அவரிடமே முதலில் சொல்லி, அவர் ஏற்காவிட்டால் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவிப்பதுதான் அனுபவசாலிகள் முதலிடம் தரும் நடவடிக்கை. மேலாளருக்கு ஒன்றுமே சொல்லாமல் நேரே மேலிடத்துக்கு எழுதுவது, ஆபத்து உடனடியானதாக இருந்தாலன்றி, இதற்கு ஒரு படி கீழேதான் நிற்கும்.

பயிற்சி செய்வதற்கு நான் பரிந்துரைப்பது, புதிய புதிய கேள்விகளைத் தேடி ஓடாமல், இருக்கும் ஒரு கேள்வியில் ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பார்ப்பது. முதல் காட்சியில், நீங்கள் ஏற்கெனவே இரண்டு முறை அவரிடம் பேசியாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டார், கணக்கு வரவில்லை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது மூன்றாவது முறை தனியே பேசுவதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. நீங்கள் முதலில் தேர்ந்த ‘மேலாளரிடம் தெரிவிப்பேன்’ என்பதே முதலிடத்துக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டு, அறிக்கை போக இன்னும் ஒரு மணி நேரமே இருக்கிறது என்று மாற்றிப் பாருங்கள். இப்போது அவருடைய காரணத்தைக் கேட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. வந்தவரை உள்ள எண்களோடு அறிக்கையை அனுப்பி, எந்தப் பகுதி இல்லை, அது எப்போது வரும் என்று அதிலேயே குறிப்பிட்டுவிட்டு, பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வதே சரி. தாமதத்துக்குப் பதிலாக, கணக்கில் எண்கள் வேண்டுமென்றே திருத்தப்பட்டிருப்பதாகத் தெரிகிறது என்று மாற்றினாலோ, இது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயமாகவே இராது. அவரை விசாரிப்பது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுமல்ல, உரியவரிடம் உடனே சேர்ப்பதே உங்கள் கடமை. காட்சியில் ஒரு வரி மாறும்போது விடைகளின் வரிசை எப்படி மாறுகிறது என்று பத்துக் காட்சிகளில் பார்த்துவிட்டால், நூறு விடைக்குறிப்புகளை மனப்பாடம் செய்வதைவிட அது பயன் தரும்.

உங்கள் சொந்த அனுபவத்தைப் பற்றிச் சொன்னது முக்கியமானது. அதை அலட்சியம் செய்ய மாட்டேன். தனியே பேசியும் திருந்தாதவர்களோடு நீங்கள் வேலை பார்த்திருக்கிறீர்கள், அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் முதல் கேள்வியைப் படித்தபோது, காட்சியில் இல்லாத ஒருவரை, உங்கள் பழைய அலுவலகத்திலிருந்த அந்த மனிதரை, அங்கே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டீர்கள். ‘இவர் பேசினாலும் கேட்க மாட்டார்’ என்பது தாளில் இல்லை, நீங்கள் சேர்த்தது. தேர்வு எழுதும்போது இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு விடையைத் தேர்ந்ததும், அதற்கான காரணத்தை ஒரு வாக்கியத்தில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் காட்சியில் ஒரு வரியைச் சுட்டிக்காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாத செய்தி எதுவோ, அது உங்களிடமிருந்து வந்தது.

கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். ‘என்ன செய்வது சிறந்தது’ என்று கேட்டால் உங்கள் பகுத்தறியும் திறனைக் கேட்கிறார்கள். ‘நீங்கள் பெரும்பாலும் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால் உங்கள் இயல்பைக் கேட்கிறார்கள். இந்த இரண்டு வகை அறிவுறுத்தல்களும் வேறுவேறானவற்றை அளக்கின்றன என்பதை 2007-இல் மைக்கேல் மெக்டேனியலும் உடன் பணியாற்றியவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். முதல் வகை அறிவுத்திறனோடும், இரண்டாம் வகை ஆளுமைப் பண்புகளோடும் கூடுதல் தொடர்பு உடையதாக இருந்தது. உங்கள் தாள் கேட்பது முதல் வகை. அங்கே உங்கள் வழக்கமான நடத்தையைப் பற்றி வாக்குமூலம் தர வேண்டியதில்லை.

விடைக்குறிப்புகளுக்கு உள்ள எல்லையையும் சொல்ல வேண்டும். உண்மையான தேர்வில் அவை பல அனுபவசாலிகளின் கூட்டு முடிவு. பயிற்சிப் புத்தகங்களிலோ பெரும்பாலும் எழுதியவர் ஒருவரின் கருத்துதான். முதல் விடைக்கும் கடைசி விடைக்கும் உள்ள தூரத்தை அவை சரியாகப் பிடித்துவிடும். நடுவிலுள்ள இரண்டின் வரிசையில் அடிக்கடி தடுமாறும். உங்கள் காரணம் காட்சியின் வரிகளில் ஊன்றி நின்றும் நடு வரிசை ஒத்துவரவில்லை என்றால், அதற்காக மணிக்கணக்கில் வருந்தத் தேவையில்லை. வேலைக்கு வேலை வேறுபாடும் உண்டு: கட்டளை உடனே நிறைவேற வேண்டிய பணிகளில், கட்டளையை முதலில் நிறைவேற்றிவிட்டுப் பிறகு கருத்து வேறுபாட்டைச் சொல்வது உயர்ந்த இடத்தில் வரலாம், ஆபத்தோ பொய்யோ இல்லாத வரை.

நேர்காணலில் விடைகள் முன்னே வைக்கப்படுவதில்லை. அவற்றை நீங்களே உண்டாக்க வேண்டும். 1980-இல் கேரி லேத்தமும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சூழ்நிலை நேர்காணல் முறையில், எல்லாத் தேர்வர்களிடமும் ஒரே காட்சியைச் சொல்லி, முன்னரே எழுதி வைத்த மாதிரி விடைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவார்கள். நல்ல விடைக்கு ஐந்து, நடுத்தரத்துக்கு மூன்று, மோசமானதற்கு ஒன்று என்று மாதிரிகள் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் குரலின் உறுதியோ சொல்லழகோ அந்தத் தாளில் இல்லை. நீங்கள் எதைச் செய்வதாகச் சொன்னீர்கள் என்பதுதான் இருக்கிறது.

மேலாளரோடு வரும் உரசல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உங்கள் வேலையை மேலாளர் பலர் முன்னிலையில் மட்டம் தட்டிப் பேசுகிறார், அவர் சொல்லும் குறையில் பாதி உண்மை, பாதி தவறு. என்ன செய்வீர்கள்? ‘அமைதியாக இருந்து என் வேலையால் அவருக்குப் பதில் சொல்வேன்’ என்பது பலர் சொல்லும் விடை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் செயல் எதுவும் இல்லை; தவறான பாதி அப்படியே கூட்டத்தின் பதிவில் நின்றுவிடுகிறது. ஐந்துக்கு அருகே வரும் விடை இப்படி அமையலாம்:

“கூட்டத்தில் விவாதிக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்ன தவறான எண்ணை வைத்து அங்கேயே ஒரு முடிவு எடுக்கப்படுவதாக இருந்தால், அந்த எண்ணை மட்டும் திருத்திச் சொல்வேன். அன்றைக்கோ மறுநாளோ அவரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குவேன். அவர் சுட்டியதில் சரியானதை முதலில் ஒப்புக்கொண்டு, எப்போது சரிசெய்வேன் என்று சொல்வேன். தவறானதற்கு ஆதாரத்தைக் காட்டுவேன். பிறகு, இதுபோன்ற குறைகளை என்னிடம் முன்பே தனியாகச் சொன்னால் கூட்டத்துக்கு முன்னரே திருத்திவிட முடியும் என்று கேட்டுக்கொள்வேன்.”

இந்த விடை முழுவதும் ஒரு நிபந்தனையைச் சுற்றி நிற்பதைப் பாருங்கள்: அங்கே முடிவு எடுக்கப்படுகிறதா, இல்லையா. காட்சியில் சொல்லப்படாத ஒன்றை நீங்கள் கற்பனையால் நிரப்பாமல், ‘இது இப்படி இருந்தால் இதைச் செய்வேன்’ என்று வெளிப்படையாகப் பிரித்துச் சொல்கிறீர்கள். நிபந்தனை ஒன்று அல்லது இரண்டோடு நிற்கட்டும். நான்கைந்து ஆகிவிட்டால் முடிவெடுக்கத் தயங்குபவராகத் தோன்றுவீர்கள்.

சில இடங்களில் துணைக் கேள்வி எதுவும் கேட்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள், எனவே இதை ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். துணைக் கேள்வி கேட்கும் இடங்களில் “அவர் கேட்க மறுத்தால்?” என்பது ஏறத்தாழ நிச்சயம் வரும். உங்கள் பழைய அனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும் இடம் அதுதான், ஏனெனில் இப்போது ‘பேசியும் பயனில்லை’ என்பது காட்சியிலேயே வந்துவிட்டது. நிகழ்ந்த தேதிகளையும் சொல்லப்பட்டதையும் குறித்து வைப்பேன், இன்னொரு முறை நடந்தால் இனி இதை மனிதவளப் பிரிவின் கவனத்துக்குக் கொண்டு போக நினைக்கிறேன் என்று அவரிடமே சொல்வேன், அதன் பிறகும் தொடர்ந்தால் குறிப்புகளோடு அங்கே போவேன், அதற்கிடையே என் வேலை எதையும் நிறுத்தி வைக்க மாட்டேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். “உண்மையில் அப்படிச் செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டால், செய்திருந்தால் நடந்ததைச் சொல்லுங்கள், பலன் கிடைக்காமல் போயிருந்தாலும் சொல்லலாம். பழைய மேலாளரின் பெயரையும் குணத்தையும் மட்டும் அதில் கொண்டுவராதீர்கள். அவர் செய்ததையும் நீங்கள் செய்ததையும் மட்டும் சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.